வகை நுண்கணிதம்: இந்தப் பருவத்தில் வந்த சந்தேகங்களும் விடைகளும்

முதலாமாண்டு பி.எஸ்சி. கணிதம், உதகை

வகுப்பிலும், வராந்தாவிலும், கூடலூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்திலும் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத் தொகுத்திருக்கிறேன். யார் கேட்டது என்று எழுதவில்லை. வாய்திறந்து கேட்காத பலருக்கும் இதே சந்தேகங்கள் இருந்தது விடைத்தாள்களில் தெரிந்தது. முதலில் உங்கள் விடையை ஒரு தாளில் எழுதுங்கள், அப்புறம் இங்கே பாருங்கள்.

(x² − 4)/(x − 2) இல் x = 2 போட்டால் 0/0 வருகிறது. x − 2 ஐ அடித்தால் பூஜ்யத்தால் வகுத்ததாக ஆகாதா, சார்?

ஆகாது. x ஆனது 2-ஐ நெருங்குகிறது, 2 ஆவதில்லை. அதனால் x − 2 பூஜ்யமல்ல, தாராளமாக அடிக்கலாம். மிஞ்சும் x + 2, 4-ஐ நெருங்குகிறது. x = 2 இல் சார்புக்கு மதிப்பே இல்லை என்பது எல்லையைப் பாதிக்காது. மதிப்பைப் போடும் வரை ஒவ்வொரு வரியிலும் lim எழுதுங்கள். பாதியில் விட்டால் அந்த வரி தவறாகிவிடும்.

ε, δ இரண்டில் எது முதலில்? δ = ε/3 எங்கிருந்து குதித்தது?

இந்தப் பருவத்தில் அதிகம் பேரைப் படுத்திய கேள்வி இது. ε முதலில் வருகிறது, அதைத் தருவது எதிராளி. "விடை 7-லிருந்து ε-க்குள் இருக்க வேண்டும்" என்று அவர் கேட்கிறார். அதற்கு ஏற்ற δ-வைத் தேடித் தருவது நம் வேலை.

x → 2 ஆகும்போது 3x + 1 இன் எல்லை 7 என்று நிறுவ வேண்டும். கரட்டுத்தாளில் பின்னாலிருந்து வாருங்கள்:

|3x + 1 − 7| = 3|x − 2|

இது ε-க்குக் குறைவாக இருக்க, |x − 2| < ε/3 போதும். ஆகவே δ = ε/3. விடைத்தாளில் இதைத் திருப்பி எழுத வேண்டும்: "ε > 0 என்க. δ = ε/3 என எடுக்க" என்று தொடங்குங்கள். தேடிய வரிசை வேறு, நிறுவும் வரிசை வேறு. δ திடீரென்று குதித்தது போலத் தோன்றுவது அதனால்தான்.

ε/5 எழுதியவர்களுக்கும் முழு மதிப்பெண் உண்டு. ஒரு δ சரியென்றால் அதைவிடச் சிறிய எந்த δ-வும் சரி.

x² → 4 கணக்கில் வரும் min(1, ε/5) இதே வழியில்தான் கிடைக்கிறது. |x² − 4| = |x + 2||x − 2|. இதில் |x + 2| கட்டுக்குள் இருக்க வேண்டும். |x − 2| < 1 என்று வைத்தால் அது 5-ஐத் தாண்டாது. இரண்டு நிபந்தனையும் ஒருசேர வேண்டும் என்பதால் சிறியதை எடுக்கிறோம்.

பின்னமாக இருந்தால் லோபிதாள் விதியைப் போடலாமா?

0/0 அல்லது ∞/∞ வந்தால் மட்டும். x → 0 ஆகும்போது (x + 1)/(x + 2) இன் எல்லை 1/2. இங்கே விதியைப் போட்டவர்களுக்கு 1 வந்தது.

இன்னொன்று: x → ∞ இல் (x + sin x)/x. வடிவம் ∞/∞தான். வகையிட்டால் 1 + cos x வரும், அதற்கு எல்லை இல்லை. அதற்காக "எல்லை இல்லை" என்று முடிக்கக் கூடாது; x ஆல் வகுத்துப் பார்த்தால் எல்லை 1. வகைக்கெழுக்களின் விகிதத்துக்கு எல்லை இல்லாதபோது விதி எதையும் சொல்வதில்லை.

கால்குலேட்டரில் sin x / x, 1-ஐ நெருங்காமல் 0.01745 என்று நிற்கிறது.

டிகிரியில் இருக்கிறது. ரேடியனுக்கு மாற்றுங்கள். அந்த எண் π/180.

தொடர்ச்சி இருந்தால் வகையிடலாம்தானே?

இல்லை. x = 0 இல் |x| தொடர்ச்சியானது; ஆனால் இடப்பக்கச் சாய்வு −1, வலப்பக்கச் சாய்வு 1. வகையிட முடிந்தால் தொடர்ச்சி உண்டு என்பதுதான் தேற்றம்.

f′(c) = 0 என்றால் பெருமமோ சிறுமமோ இருந்தே ஆகவேண்டுமா?

x³ ஐ 0 இல் பாருங்கள். f′(0) = 0, ஆனாலும் ஏறிக்கொண்டே போகிறது. குறி மாறுகிறதா என்று இரண்டு பக்கமும் சோதியுங்கள்.

இடைமதிப்புத் தேற்றத்தில் அந்த c எங்கே இருக்கிறது? அதைக் கண்டுபிடிக்காமல் என்ன பயன்?

நம் மலை ரயிலை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் நிலையம் சுமார் 330 மீட்டர் உயரத்தில், உதகை சுமார் 2,200 மீட்டரில். பாதை சுமார் 46 கிலோமீட்டர். சராசரி ஏற்றம் ஏறத்தாழ 25-க்கு 1. உயரத்தை தூரத்தின் வகையிடத்தக்க சார்பு f என்று கொண்டால், பாதையில் ஏதோ ஓரிடத்தில் சாய்வு சரியாக அந்தச் சராசரியாக இருந்தே தீரும். எந்த இடம், எத்தனை இடம் என்று தேற்றம் சொல்லாது. ஒன்றாவது உண்டு என்பது மட்டும் உறுதி. பல்சக்கரப் பகுதியில் ஏற்றம் 12-க்கு 1 வரை போகிறது, தொடக்கத்தில் கிட்டத்தட்ட சமதளம். ஆகவே இடையில் ஒருமுறை அந்தச் சராசரியைக் கடந்தாக வேண்டும்.

இதிலேயே ரோலின் தேற்றமும் இருக்கிறது. லவ்டேல் நிலையம் உதகை நிலையத்தைவிட உயரமானது, ரயில் அங்கிருந்து இறங்கித்தான் உதகைக்கு வருகிறது. அப்படியானால் லவ்டேலுக்கு முன்பே உதகையின் உயரத்துக்குச் சமமான ஓரிடம் உண்டு. அந்த இடத்துக்கும் உதகைக்கும் நடுவே f′ = 0 ஆகும் புள்ளி இருந்தாக வேண்டும். "ஓரிடம் உண்டு" என்று சொல்ல f-இன் எந்தப் பண்பு வேண்டும் என்பதை எழுதி, திங்கட்கிழமை கொண்டுவாருங்கள்.