மனிதவள நிறைவேற்று அலுவலர் பதவிக்கான விண்ணப்பக் கடிதம்

டிக்கோயா
2025 செப்டெம்பர் 8

பொது முகாமையாளர் அவர்கட்கு,
நுவரெலியா.

மதிப்புக்குரிய ஐயா,

நானுஓயா வீதியில் நீங்கள் திறக்கவிருக்கும் ஹோட்டலின் மனிதவள நிறைவேற்று அலுவலர் வெற்றிடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். கடிதத்தைத் தமிழில், அங்கே வேலைக்கு வரப்போகிறவர்கள் வாசித்தாலும் புரியும்படி எழுதச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆகவே பெரிய சொற்களை விட்டுவிட்டு, நான் செய்துவரும் வேலையை அப்படியே சொல்கிறேன்.

2018 முதல் இந்தத் துறையில் இருக்கிறேன். தொடக்கத்தில் ஒரு தோட்டக் காரியாலயத்தில் ஆளணிக் கோப்புகளைப் பார்த்தேன். பிறகு ஹட்டனில் தேயிலை பொதியிடும் நிலையம் ஒன்றுக்கு மாறினேன். ஆள் எடுப்பது, சம்பளப் பட்டியலைச் சரிபார்ப்பது, முறைப்பாடு கேட்பது, விசாரணைகளை ஒழுங்கு செய்வது எல்லாம் இப்போது அங்கே என் பொறுப்பில்தான் இருக்கின்றன.

முதலில் ஆள் எடுப்பது. ஒரு வெற்றிடம் வந்தால் நான் உடனே அறிவித்தல் எழுதுவதில்லை. அந்த வேலை நடக்கும் இடத்தில் போய் நிற்பேன். எவ்வளவு பாரம் தூக்க வேண்டும், எத்தனை மணி நேரம் நின்றபடி செய்ய வேண்டும், போன ஆள் ஏன் போனார் என்று பக்கத்தில் வேலை செய்கிறவர்களிடம் கேட்பேன். கடைசிக் கேள்விக்கான பதில்தான் பெரும்பாலும் அறிவித்தலை மாற்றி எழுத வைக்கும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் எப்படி, சேமலாப நிதிக்கு எவ்வளவு கழியும், கையில் என்ன வரும் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் போடுவேன். ‘கவர்ச்சிகரமான சம்பளம்’ என்று எழுதிய அறிவித்தலை நம்பி வந்து, முதல் சம்பளத்தோடு நின்றுவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தொகையைச் சொன்னால் விண்ணப்பங்கள் குறையும். ஆனால் வருகிறவர்கள் தெரிந்து வருகிறார்கள்.

அறிவித்தலை எங்கே ஒட்டுகிறோம் என்பதும் முக்கியம். பத்திரிகையில் போட்டால் டவுனில் இருப்பவர்களுக்குத் தெரியும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமென்றால் கோயில், தேவாலயம், பிள்ளைக்காம்பரா, சந்திக் கடை என்று போக வேண்டும். நேர்முகப் பரீட்சைக் கடிதத்தைத் தபாலில் மட்டும் அனுப்புவதையும் நான் நிறுத்திவிட்டேன். லயத்து முகவரிக்குப் போகும் கடிதம் பல இடங்களில் தோட்டக் காரியாலயத்தில்தான் இறங்குகிறது. அது அங்கேயே கிடந்து, பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வருவதும் உண்டு. அதனால் போன் பண்ணிச் சொல்வேன். போன் இல்லாதவருக்குப் பக்கத்து வீட்டு நம்பரையாவது கேட்டு வாங்கி வைப்பேன்.

நேர்முகத்தில் என்னோடு அந்தப் பிரிவின் மேற்பார்வையாளரும் இருப்பார். எல்லோரிடமும் ஒரே கேள்விகள். அப்புறம் அரை மணி நேரம் அந்த வேலையைச் செய்து பார்க்கச் சொல்வோம். பேசக் கூச்சப்படும் ஒரு பிள்ளை வேலையில் கெட்டிக்காரியாக இருப்பது இங்கே சாதாரணம். வெறும் பேச்சை வைத்து முடிவெடுத்தால் அவளை இழந்துவிடுவோம். கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்று பெண்களிடம் கேட்க நான் விடுவதில்லை. வயதை மட்டும் பிறப்புச் சான்றிதழை வைத்துக் கண்டிப்பாகப் பார்ப்பேன். 2021இல் வேலைக்கான குறைந்த வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. வீட்டில் கஷ்டம் என்று பதினைந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிவரும் பெற்றோரைத் திருப்பி அனுப்புவது மனதுக்குப் பாரமான காரியம்தான். ஆனாலும் திருப்பித்தான் அனுப்புவேன், பாடசாலைக்குத் திரும்பும் வழி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு.

சிபாரிசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலையகத்தில் ஒரு வேலை என்றால் தலைவர் தரும் கடிதம், அரசியல்வாதி தரும் கடிதம், உறவுக்காரரின் அழைப்பு எல்லாம் வரும். கடிதத்தோடு வருகிறவரும் வேலை தேவைப்பட்டுத்தான் வருகிறார், அவரை நான் அவமதிப்பதில்லை. கடிதம் கோப்பில் இருக்கும், கேள்விகள் எல்லோருக்கும் போட்ட அதே கேள்விகள்தான். தெரிவாகாதவர்களுக்கும் நானே சொல்லிவிடுவேன். பதில் வரும் வரும் என்று ஒரு வீடு காத்திருக்கக் கூடாது.

வேலைக்குச் சேரும் நாளில் நான் அதிக நேரம் செலவிடுவது பெயருக்காக. தோட்டக் காரியாலயத்தில் இருந்தபோது கற்றது இது. அங்கே ஓய்வுபெற்ற ஒரு அம்மாவுக்கு செக்ரோலில் வீட்டில் கூப்பிடும் பெயர் பதிந்திருந்தது, அடையாள அட்டையில் வேறு பெயர், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது எழுத்துக்கூட்டல். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்துச் சேர்ந்த சேமலாப நிதியை எடுக்க, மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. கிராம உத்தியோகத்தரிடம், சமாதான நீதவானிடம், தொழில் காரியாலயத்திடம் என்று அவரோடு அலைந்தேன். ஒவ்வொரு முறையும் பஸ் காசு அவருடைய கையிலிருந்துதான் போனது. இப்போது யார் சேர்ந்தாலும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்க்கிறேன். பிசகு இருந்தால் அன்றைக்கே திருத்தும் வேலையைத் தொடங்குகிறோம். அவர் சம்பளத்தில் 8 வீதம், நிறுவனம் தரும் 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதம் எல்லாம் அந்தப் பெயரில்தான் போய்ச் சேருகின்றன. நியமனக் கடிதத்தை அவரவர் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குவேன்.

இனி, வேலை செய்கிறவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான விஷயம். என் அனுபவத்தில் பெரிய தகராறுகள் சிறிய இடங்களில்தான் தொடங்குகின்றன. எங்கள் நிலையத்தில் மாலை முறையில் இருந்த சில பெண்கள் தொடர்ந்து நேரத்தோடு கிளம்பிப் போனார்கள். சம்பளம் வெட்டினார்கள், அப்படியும் போனார்கள். எச்சரிக்கைக் கடிதம் தயாரிக்கச் சொல்லி என்னிடம் வந்தது. எழுதுமுன் அவர்களோடு உட்கார்ந்து பேசினேன். அவர்களுடைய தோட்டப் பக்கம் போகும் கடைசி பஸ், முறை முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே கிளம்பிவிடுகிறது. அதை விட்டால் இருட்டில், மழையில், தேயிலை மலைக்குள்ளால் நடை. மேற்பார்வையாளருக்கு இது தெரியாது. அவர்களும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. அந்த முறையை அரை மணி நேரம் முன்தள்ளினோம். கடிதங்களுக்குத் தேவையே வரவில்லை. அதற்குப் பிறகு விண்ணப்பப் படிவத்தில் ‘கடைசி பஸ் எத்தனை மணிக்கு’ என்று ஒரு கேள்வி சேர்த்தேன்.

மரியாதையும் அப்படித்தான். அப்பா வயதுள்ள ஒருவரை இளம் மேற்பார்வையாளர் ‘வா, போ’ என்று பேசியதில் ஒரு பிரிவே வேலையை நிறுத்தப் பார்த்தது. சம்பளம் கூட்டிக் கேட்கவில்லை அவர்கள். ‘வாங்க’ என்று கூப்பிடச் சொன்னார்கள். அந்த மேற்பார்வையாளரை எல்லோர் முன்னும் நிறுத்தாமல் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். அடுத்த நாள் காலையில் அவரே போய் அந்த ஐயாவிடம் பேசினார். அவருக்கும் ஒரு மரியாதை இருக்கிறதே.

களவு, அடிதடி என்று வரும்போது விசாரணை வேண்டும். குற்றச்சாட்டை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுப்போம். பதில் சொல்ல அவகாசம் உண்டு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். முறைப்பாடு செய்தவர் விசாரிக்கும் இடத்தில் உட்காரமாட்டார். தீர்ப்பை மனதில் எழுதி வைத்துக்கொண்டு நடத்தும் விசாரணையை நான் ஏற்பதில்லை. முதலாளி பக்கமிருந்து அழுத்தம் வந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பதை நீங்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

தொழிற்சங்கத் தலைவர்களோடு மாதம் ஒருமுறை உட்காருகிறேன், பிரச்சினை இல்லாத மாதத்திலும். பேசி முடிவானதை அறிவித்தல் பலகையில் போடுவேன். 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ்கள் நின்றபோது அந்தப் பழக்கம் கைகொடுத்தது. யார் எந்த நாளில் வருவது, நடந்து வரக்கூடியவர்களுக்கு எந்த முறை, முன்பணம் யாருக்கு முதலில் என்று ஒரே மேசையில் பேசி முடித்தோம். அந்த மாதங்களில் யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை.

விலகிப் போகிறவர்களுக்கும் நான் கடமைப்பட்டவள். ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உரியது. 1983ஆம் ஆண்டின் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஐந்து வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கையில் ஒருவர் விலகல் கடிதத்தோடு வந்தால், அதைச் சொல்லாமல் கடிதத்தை வாங்கிக்கொள்ள என்னால் முடியாது. சொல்லிவிட்டு, முடிவை அவரிடம் விடுவேன்.

உங்கள் ஹோட்டலைப் பற்றி. நான் ஹோட்டலில் வேலை செய்ததில்லை. சமையலறை, அறைப் பராமரிப்பு, வரவேற்பு ஆகிய பிரிவுகளில் முதல் வாரங்களைக் கழிக்க அனுமதி கேட்பேன். ஆனால் இரண்டு விஷயங்களை இப்போதே யோசித்திருக்கிறேன். ஒன்று, சேவைக் கட்டணம். அது மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். வேலைக்கு எடுக்கும்போது நல்ல மாதத்துத் தொகையைச் சம்பளம் போலக் காட்டினால், மழைக்காலத்தில் கோபம் வரும். அடிப்படைச் சம்பளத்தைத் தனியாகச் சொல்லி, சேவைக் கட்டணம் பிரிக்கப்படும் கணக்கை ஒவ்வொரு மாதமும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டச் சொல்வேன்.

இரண்டு, ஏப்ரல். நுவரெலியாவுக்கு வசந்த கால சீசன், உங்களுக்கு ஒரு அறையும் காலியாக இராது. தமிழ், சிங்கள ஊழியர் எல்லோருக்கும் அதே வாரத்தில்தான் புத்தாண்டு. இதை ஏப்ரலில் பேசினால் சண்டைதான். பெப்ரவரியிலேயே ஊழியர்களைக் கூப்பிட்டு, புத்தாண்டுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் யார், அதற்குப் பதிலாகத் தீபாவளிக்கோ நத்தாருக்கோ பொங்கலுக்கோ போகிறவர்கள் யார் என்று அவர்களையே பிரித்துக்கொள்ளச் செய்து, அடுத்த வருடம் அதை மாற்ற வேண்டும். நின்று வேலை செய்கிறவர்களுக்குப் புத்தாண்டுச் சாப்பாடும், இரவில் வீடு போக வாகனமும் நிர்வாகம் தர வேண்டும். வாகனம் இல்லாமல் பெண்களை இரவு முறைக்கு எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசவும் எழுதவும் முடியும். ஆங்கிலத்தில் கடிதங்களும் அறிக்கைகளும் எழுதுவேன். மனிதவள முகாமைத்துவத்தில் டிப்ளோமா முடித்திருக்கிறேன். சான்றிதழ்களின் பிரதிகள், இரண்டு சான்றாளர்களின் விபரம், என் தொலைபேசி இலக்கம் எல்லாம் இணைத்துள்ள படிவத்தில் இருக்கின்றன. சான்றாளர்களில் ஒருவர் என்னோடு பல தடவை எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பேசிய தொழிற்சங்கத் தலைவர். அவரிடமும் விசாரித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்போதைய வேலையில் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை தவிர எந்த நாளிலும் நேர்முகத்துக்கு வர முடியும். செவ்வாயில் எங்கள் நிலையத்தில் முறைப்பாடு கேட்கும் நாள், அதை மாற்ற விரும்பவில்லை.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
கோ. தர்ஷினி