தர்ஷினி: ஓட ஆரம்பிக்கலாம், ஆனா படிப்படியா

வணக்கம் மாஸ்டர், தர்ஷினியை இன்னைக்கு காலைல பாத்தேன், நல்ல செய்திதான். ஹாம்ஸ்ட்ரிங் கிழிஞ்சு இது ஆறாவது வாரம், தொடைக்குப் பின்னாடி அழுத்திப் பாத்தா வலி இல்ல, காலை நேரா தூக்குறதுல ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், பலம் மட்டும் இடது கால் வலது காலைவிட கொஞ்சம் கம்மி. அதனால ட்ரெயினிங்குக்கு விடுறேன், போட்டிக்கு இன்னும் விடல. இது ரெண்டும் வேற வேறன்னு அவங்க அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்.

முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், நேர் ட்ராக்குல மட்டும் 60 மீட்டர், ஆறு தடவை, வேகம் 70 சதவீதத்துக்கு மேல வேணாம், ஸ்பைக்ஸ் வேணாம் சாதா ஷூ போதும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நடந்தே திரும்பி வரட்டும். நிக்கும்போதும் மெதுவா ஸ்லோ பண்ணி நிக்கணும், சடன் பிரேக் கூடாது. ஓடும்போதும் மறுநாள் காலைலயும் வலி 10க்கு 2ஐத் தாண்டலன்னா ரெண்டாவது வாரம் 80 சதவீதம், அதுவும் ஒத்துக்கிட்டா 90, அப்போ ஸ்பைக்ஸ் போடலாம். மூணாவது வாரம்தான் வளைவு. கடைசியா ப்ளாக் ஸ்டார்ட், அதுக்கு முன்னாடி என்கிட்ட ஒருதடவை காட்டிட்டுப் போகட்டும். எந்த இடத்துலயாவது வலி ஏறுச்சுன்னா அன்னைக்கு அதோட நிறுத்திட்டு, வலி போனதும் முந்தின படில இருந்து தொடங்குங்க.

நீங்க ஃபோன்ல "ரிலேல மட்டும் ஓடட்டுமே டாக்டர், தனி ஈவென்ட் வேணாம்"னு கேட்டீங்கல்ல, அதைத்தான் நான் ரொம்ப பயப்படுறேன். பாக்க லைட்டா தெரியும், ஆனா 4x100ல பேட்டன் வாங்குறவ நின்ன இடத்துல இருந்து திடீர்னு முழு வேகம் எடுக்கணும், கையைப் பின்னாடி நீட்டிக்கிட்டே ஓடணும், கூட ஓடுறவளுக்காக வலியை அடக்கிப்பா, ஹாம்ஸ்ட்ரிங்குக்கு இதைவிட மோசமான சோதனை கிடையாது. திரும்ப கிழியிறது பெரும்பாலும் இந்த முதல் சில வாரத்துலதான், ரெண்டாவது தடவை கிழிஞ்சா முதல் தடவையைவிட அதிக நாள் பிடிக்கும். ஜோனல் மீட்டை விட்டுடுங்க மாஸ்டர். வலியில்லாம ரெண்டு செஷனாவது முழு வேகத்துல ஓடினதுக்கு அப்புறம் அடுத்த போட்டியைப் பேசிக்கலாம்.

இன்னொண்ணு, வார்ம்அப்ல இன்னொரு பொண்ணு காலைத் தூக்கி தோள்ல வெச்சு அழுத்துற ஸ்ட்ரெச் இவளுக்கு வேணாம், ஓடுறதுக்கு முன்னாடி வலி ஸ்ப்ரே, மாத்திரையும் வேணாம், வலி தெரியணும் நமக்கு. நார்டிக் எக்ஸர்சைஸ் வாரம் ரெண்டு தடவை, ஓடி முடிச்ச அப்புறம் பண்ணட்டும், பிசியோ சொல்லிக் குடுத்திருக்காங்க, கணுக்காலை யாராவது கெட்டியாப் பிடிச்சா போதும். இவ வலிக்குதுன்னு தானா சொல்ற பொண்ணு இல்ல, நீங்கதான் கேக்கணும், முகத்தையும் பாருங்க.

சனிக்கிழமை ஓடுறதை பக்கவாட்டுல இருந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க, ரெண்டு காலும் எடுத்து வைக்கிற அடி ஒரே அளவு வருதான்னு பாக்கணும். பள்ளிக்கூடத்துக்கான லெட்டர் அப்பா கையில குடுத்திருக்கேன்.