கண்மாய் தூர்வாரல் ஆய்வுத் திட்டம்: வியாழக்கிழமைக்கான கேள்விகள்

அன்புள்ள ஆய்வாளருக்கு,

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தின் 48 கண்மாய்களில் குடிமராமத்துத் தூர்வாரலின் விளைவைச் செயற்கைக்கோள் படங்களாலும் விவசாயிகள் நேர்காணலாலும் மதிப்பிடும் உங்கள் திட்ட வரைவை இரண்டு முறை படித்தேன். முன்வைப்பு அன்று நான் கேட்கப்போவதை இப்போதே எழுதிவிடுகிறேன். திடீரென்று கேட்டு ஒருவரைத் திணறவைப்பதால் ஆய்வுக்கு எந்த லாபமும் இல்லை. உங்கள் நெறியாளருக்கும் நகல் அனுப்பியிருக்கிறேன்.

முதலில் ஆய்வு இடைவெளி.

1. பக்கம் 9-ல் "சிவகங்கை மாவட்டக் கண்மாய்களில் இத்தகைய ஆய்வு இதுவரை நடைபெறவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்திலிருந்து "சிவகங்கை" என்ற சொல்லை அடித்துவிட்டுப் படியுங்கள். அப்போதும் இடைவெளி மிஞ்சுகிறதா? தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டே போனால் நாம் எல்லோரும் ஓய்வு பெறும்வரை முனைவர் பட்டம் கொடுத்துக்கொண்டிருக்கலாம். இளையான்குடிப் பக்கத்துக் கண்மாயில் என்ன வேறுபாடு இருப்பதால் மற்ற இடத்து முடிவு இங்கே செல்லாது? ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள், போதும்.

2. இலக்கிய மீளாய்வில் 61 கட்டுரைகளைச் சுருக்கியிருக்கிறீர்கள். அவற்றில் உங்கள் கருதுகோளுக்கு எதிரான முடிவு சொன்னது எது? வரைவில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தூர்வாரி எந்தப் பயனும் இல்லாமல் போன கண்மாய் எங்குமே கிடையாதா?

3. இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தூர்வாரினால் கண்மாயின் ஆழம் கூடும். உங்கள் படம் அளப்பதோ நீர்ப்பரப்பை. கலுங்கு மட்டம் மாறாதவரை, கண்மாய் நிரம்பினால் பரப்பு முன்பு இருந்ததுதான். பாதி வரத்து வந்த வருடத்திலோ, வெட்டிய பள்ளத்துக்குள் தண்ணீர் ஒடுங்கிவிடுவதால் பரப்பு முன்பைவிடக் குறைந்துகூடத் தெரியலாம். அதாவது வேலை நன்றாக நடந்த இடத்தை உங்கள் முறை தோல்வி என்று குறிக்கக்கூடும்.

நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு கார்த்திகை மாதம் மானாமதுரைக்குக் கிழக்கே ஒரு கண்மாய்க் கரையில் நின்றேன். உள்வாய் முழுக்க ஜேசிபி வெட்டிய குழிகள். குழிகளில் மட்டும் செம்மண் நிறத்தில் தண்ணீர், நடுவே வறண்ட திட்டுகள், ஓரமெல்லாம் சீமைக் கருவேலம். மடையில் ஒரு சொட்டு இல்லை. "போச்சே" என்றேன். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "கம்மாயில நிக்கலதான் சார். ஆனா கெணத்துல ஊறுதே" என்றார். அடியில் படிந்திருந்த களிமண் படலம் வெட்டுப்பட்டதும் தண்ணீர் சீக்கிரம் கீழே இறங்கியிருக்க வேண்டும். மடைப் பாசனக்காரருக்கு அது நஷ்டம், கிணறு வைத்திருப்பவருக்கு லாபம். அந்தக் கண்மாயை உங்கள் அட்டவணை 4-ல் எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

இதற்குப் பதில் கிடைத்தால், உண்மையான இடைவெளியும் அங்கேதான் கிடைக்கும் என்பது என் எண்ணம். "பயன் உண்டா" என்று கேட்பதைவிட "யாருக்குப் பயன்" என்று கேட்டால் திட்டமே வேறாகிவிடாதா?

4. 2013–2016 காலத்தைத் தூர்வாரலுக்கு முன், 2018–2023 காலத்தைப் பின் என்று எடுத்திருக்கிறீர்கள். 2016-ல் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் இயல்பைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2021-ல் கொட்டித் தீர்த்தது. மண்வெட்டியே படாத கண்மாய்க்கும் உங்கள் கணக்கு "முன்னேற்றம்" என்று காட்டுமே? தூர்வாராத கண்மாய்களை ஒப்பீட்டுக்கு எடுக்காததற்குக் காரணம் என்ன? அப்படி எடுத்தால், எதை எதோடு ஜோடி சேர்ப்பீர்கள்: ஆயக்கட்டை வைத்தா, நீர்ப்பிடிப்பை வைத்தா? வைகைத் தண்ணீர் கால்வாய் வழியாக வரும் கண்மாயையும் வானம் பார்த்த கண்மாயையும் ஒரே பட்டியலில் கலந்திருக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள்.

5. குடிமராமத்தில் விவசாயிகள் சங்கம் 10 சதவீதம் பங்களிக்க வேண்டியிருந்தது. ஆகவே, ஏற்கெனவே ஒற்றுமையாக இருக்கும் ஊர்களே முதலில் வேலையை வாங்கியிருக்கலாம். நீங்கள் அளக்கப்போவது தூர்வாரலின் விளைவையா, ஊரின் ஒற்றுமையையா?

அடுத்தது, இது நடக்குமா என்பது.

6. 2013 முதல் சென்டினல்-2 படங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிசையின் முதல் செயற்கைக்கோளே 2015 ஜூனில்தான் ஏவப்பட்டது. இது தட்டச்சுப் பிழையாக இருந்தால் திருத்திவிடுங்கள். லேண்ட்சாட்-8 என்று மாற்றினால் ஒரு கட்டம் 30 மீட்டர், 16 நாளுக்கு ஒரு படம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஐந்தாறு படம் வரும். கண்மாய் நிரம்பும் அந்த மூன்று மாதமும் வானம் மூடியிருக்கும். மேகம் போக எத்தனை படம் தேறும்? எண்ணிப் பார்த்தீர்களா? ஒரே ஒரு கண்மாய்க்கு ஒரே ஒரு பருவத்துக்கு எண்ணிக்கொண்டு வாருங்கள்.

7. நீர்ப்பரப்பைப் பிரிக்க இந்தச் சூத்திரத்தைக் கொடுத்திருக்கிறீர்கள்:

```
NDWI = (B3 - B8) / (B3 + B8)
```

வரம்பு 0 என்றும் சொல்கிறீர்கள். கருவேலம் மூடிய தண்ணீரும் ஆகாயத்தாமரை மிதக்கும் தண்ணீரும் இதில் தண்ணீராக வருமா? மேகத்துக்காக ரேடார் படத்துக்குப் போவதாக இருந்தாலும் கருவேலம் விடாது. தண்ணீரில் நிற்கும் மரம் அதில் கருப்பாகத் தெரியாமல் பளிச்சென்று தெரியும். ஜிபிஎஸ் எடுத்துக்கொண்டு எத்தனை கண்மாயின் நீர் விளிம்பில் நடந்து சரிபார்ப்பீர்கள்?

8. நிலத்தடி நீருக்கு மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கண்காணிப்புக் கிணறுகளை நம்பியிருக்கிறீர்கள். வருடத்துக்கு நான்கு அளவுகள்தான் அதில் கிடைக்கும். உங்கள் 48 கண்மாய்களில் எத்தனையின் ஆயக்கட்டுக்குள் அப்படி ஒரு கிணறு இருக்கிறது? விடை "இல்லை" என்றால் பத்து ஊர்க் கிணறுகளில் நீங்களே கயிறு விட்டு அளக்க முடியுமா? மாதம் ஒருமுறை அளக்க ஊரில் ஆள் உண்டா?

9. ஆள் கணக்கு. 240 விவசாயிகள், இரண்டு சுற்று, ஆக 480 நேர்காணல். ஒரு நாளைக்கு ஆறு என்றால் 80 நாள். நீங்கள் பகுதிநேர ஆய்வாளர். வாரம் 16 மணி நேரம் வகுப்பு எடுக்கிறீர்கள். சனி, ஞாயிறு மட்டும் போனால் 40 வாரம். உங்கள் அட்டவணையில் ஒரு சுற்றுக்குப் பத்து வாரம், இரண்டுக்கும் சேர்த்து 20 தான் இருக்கிறது. மீதிப் பாதியை யார் செய்வார்? அறுவடை நடக்கும்போது கேள்வித்தாளோடு போனால் என்ன பதில் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

10. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடம், மற்றவை ஊராட்சி ஒன்றியங்களிடம். எவ்வளவு மண் வெட்டினார்கள் என்ற அளவுப் புத்தகம் இல்லாமல் இந்த ஆய்வே இல்லை. கடிதம் கொடுத்தாயிற்றா? ஒரு ஒன்றியத்திலிருந்தாவது ஒரு பக்க நகல் கைக்கு வந்திருக்கிறதா? "கிடைக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது" என்று பக்கம் 31-ல் இருக்கிறது. அதைப் பதிலாக ஏற்க மாட்டேன்.

11. 48 வேண்டாம், ஆறு கண்மாய்தான் என்று குழு முடிவு செய்தால், எந்த ஆறு? ஏன்? பட்டியலோடு வாருங்கள். ஒவ்வொன்றிலும் உள்வாயின் ஆழத்தை நீங்களே அளக்க முடியும் என்றால் நான் முழு மனதோடு கையெழுத்திடுவேன்.

அப்புறம், பக்கம் 22-ல் உள்ள வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து வாருங்கள். அந்த அறையின் திரையில் நீலமும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. வியாழன் காலை 10.30-க்குப் பார்ப்போம்.

அன்புடன்,
வெளி உறுப்பினர், ஆய்வுக் குழு