வாடகையைக் குறைக்கக் கேட்ட கடிதத்துக்குப் பதில்

பார்வதிபுரம், நாகர்கோவில்
9-10-2025

அன்புள்ள தம்பி ஜெபினுக்கு,

சனிக்கிழமை ராத்திரி நீங்கள் அனுப்பிய செய்தியைப் படித்தேன். அஞ்சு நாளாகப் பதில் சொல்லாமல் இருந்ததை வேறு விதமாக நினைக்க வேண்டாம். மாடிப்படி இறங்கும்போது பார்த்து நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் பேசினால் சாயா குடித்து, பிள்ளை பள்ளிக்கூடக் கதை பேசி, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே எழும்பி வந்துவிடுவேன். என் குணம் அப்படி. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகையை 11,500-லிருந்து 9,500 ஆகக் குறைக்க எனக்கு வழியில்லை தம்பி.

நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. 2022 ஜூன் மாதம் வந்தீர்கள். இந்த மூணேகால் வருஷத்தில் அஞ்சாம் தேதி தாண்டி ஒரு மாத வாடகைகூட வந்ததில்லை. கம்பெனியில் சம்பளம் தாமதமான மாதத்தில்கூட, 'அண்ணாச்சி, ரெண்டு தவணையா தரட்டுமா' என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே தவணையாகத்தான் தந்தீர்கள். சுவரில் ஒரு ஆணி அடிக்கிறதுக்குக்கூட கேட்டுவிட்டு அடித்த ஆள் நீங்கள். இதே மாடியில் உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் காலி பண்ணிப் போனபோது அடுக்களைச் சுவரில் பதினேழு ஓட்டை எண்ணினேன். அதனால் எனக்கு வித்தியாசம் தெரியும்.

2023 டிசம்பர் 17 மழையை நான் மறக்க மாட்டேன். அன்றைக்கு நான் முட்டுவலியோடு கீழே கட்டிலில் கிடக்கிறேன். மொட்டைமாடியில் தண்ணீர் போகிற குழாய் அயினி இலை அடைத்து, மேலே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் கட்டி நிற்கிறது. யாரும் சொல்லாமல், ஷைனி குடை பிடிக்க, நீங்கள் கையை விட்டு அந்த இலையை வாரி வாரி வெளியே எடுத்தீர்கள். தண்ணீர் 'மடக் மடக்' என்று இறங்குகிற சத்தம் கீழே என் அறை வரைக்கும் கேட்டது. அதைச் செய்யாமல் இருந்திருந்தால் ரெண்டு வீட்டுக்கும் அன்றைக்கே சேதம்.

நல்லவர் என்று எழுதிவிட்டு வாடகையை மட்டும் குறைக்க மாட்டேன் என்றால் அது என்ன நியாயம் என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும். அதனால் கணக்கையும் வைத்துவிடுகிறேன். என் வீட்டுக் கணக்கை வாடகைக்கு இருப்பவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. ஆனாலும் உங்களிடம் மறைக்க மனசில்லை.

அந்த மழைக்குப் பிறகுதான் உங்கள் படுக்கையறை மேல்தளம் கசிய ஆரம்பித்தது. 2024 மார்ச்சில் பழைய தட்டோட்டைக் கொத்தி எடுத்து, தளத்தை முழுசாகப் புதுசாக்கினோம். அந்த ஒரு மாதம் சுண்ணாம்புத் தூசியில் நீங்களும் கஷ்டப்பட்டீர்கள். அதுக்கு எடுத்த கடன் நாலு லட்சம். மாதத் தவணை 8,600. அது 2029 வரைக்கும் ஓடும். நீங்கள் தரும் 11,500-இல் அது போக நிற்பது 2,900. வீட்டு வரி அரை வருஷத்துக்கு 3,200, மாதக் கணக்கில் பார்த்தால் ஐந்நூறுக்கு மேல். 2022-இல் தமிழ்நாடு முழுக்க சொத்து வரியை உயர்த்தினார்கள். அதிலிருந்து வரி ரசீதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். அதையும் கழித்தால் மீதி ரெண்டாயிரத்து முந்நூற்றுச் சில்லறை. மோட்டார் ரிப்பேர், தொட்டி கழுவுவது, என் பிரஷர் மாத்திரை எல்லாம் அதுக்குள்தான். நீங்கள் கேட்டபடி ரெண்டாயிரம் குறைத்தால் கையில் நானூறுகூட நிற்காது. கடையை மூடிய பிறகு எனக்கு வேறு வருமானம் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

இன்னொன்று. நம் எழுத்தில் வருஷத்துக்கு அஞ்சு சதவீதம் கூட்டலாம் என்று போட்டிருக்கிறது. அதன்படி கூட்டியிருந்தால் இப்போது வாடகை 12,700-க்கு மேல் வந்திருக்கும். ஆனால் நான் ஒரே ஒரு தடவைதான், அதுவும் 500 ரூபாய்தான் கூட்டினேன். உங்கள் நல்ல நடத்தைக்கான குறைப்பு இதுக்குள்ளேயே இருக்கிறது தம்பி. வாயால் சொல்லாததால் அது இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்த தெருவில் ரெண்டு படுக்கையறை வீடு 9,000-க்குக் கிடைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வீடு எனக்கும் தெரியும், நல்ல வீடுதான். ஆனால் அங்கே கிணறு இல்லை. முக்கடல் அணையில் தண்ணீர் குறைந்து மாநகராட்சிக் குழாய் நாள் தள்ளிப் போகிற கோடையில் அவர்கள் லாரித் தண்ணீர் இறக்குவதை நானே பார்த்திருக்கிறேன். நம் கிணற்றுத் தண்ணீரில் இதுவரைக்கும் உப்புக் கரித்ததில்லை. விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். அதுக்காகப் போகாதீர்கள் என்று நான் தடுக்கவில்லை. உங்களுக்கு அது தோதாக இருந்தால் ரெண்டு மாத நோட்டீஸ் வேண்டாம், ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும். அட்வான்ஸ் 50,000-ஐயும் சாவி தருகிற அன்றைக்கே எண்ணித் தருகிறேன்.

இன்சென்டிவ் நின்றுபோனதும், குழந்தைக்கு ஃபீஸ் கட்ட வேண்டியதும் நெருக்கடிதான் என்று புரிகிறது. என்னால் முடிகிறதைச் சொல்கிறேன். டிசம்பர் வரைக்கும் வாடகையை அஞ்சாம் தேதிக்குப் பதிலாக பதினைந்துக்குள் தாருங்கள், ரெண்டு தவணையாகத் தந்தாலும் சரி. வருகிற ஜூனில் எழுத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு ரூபாய் கூட்ட மாட்டேன், இதே 11,500 தான். மோட்டார் கரண்டு இதுவரைக்கும் உங்கள் மீட்டரில் ஓடியது. இந்த மாதம் எலக்ட்ரீஷியனை வரவழைத்து என் மீட்டருக்கு மாற்றிவிடுகிறேன். ஆளுக்குப் பாதி என்று அப்போதே பிரித்திருக்க வேண்டும், அதை இத்தனை நாள் கவனிக்காதது என் தப்பு.

அட்வான்சில் மாதம் ரெண்டாயிரம் கழிக்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். அது வேண்டாம். எனக்கு நஷ்டம் வரும் என்று நினைத்துச் சொல்லவில்லை. நாளைக்கு நீங்கள் ஒரு வீடு மாறுகிற நேரத்தில் அந்தப் பணம்தான் புது வீட்டு அட்வான்ஸ். இப்போது கரைத்துவிட்டால் அப்போது வட்டிக்கு வாங்க வேண்டி வரும்.

ஷைனியிடமும் சொல்லுங்கள். இதை வைத்து அவள் என்னைப் பார்த்தால் பேசாமல் போகக் கூடாது. உங்களுக்கு வேறு ஏதாவது யோசனை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து சொல்லுங்கள், இருந்து பேசுவோம்.

இப்படிக்கு,
செல்வமணி

பி.கு: ஐப்பசி மழை தொடங்குகிறதுக்கு முன்னால் மொட்டைமாடிக் குழாய்க்குக் கம்பி வலை போட ஆள் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருவான். மாடிக் கதவின் சாவியை மட்டும் ஷைனியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். இந்தத் தடவை நீங்கள் ஏற வேண்டாம்.