முனைமத்துடன் பங்கு வெளியீடு: குறிப்பேட்டுப் பதிவுகள் (2024)

ஒரு நிறுமம் ரூ.10 முகமதிப்புள்ள 20,000 பங்குகளை, பங்குக்கு ரூ.5 முனைமத்தில் வெளியிட்டது. விண்ணப்பத்தில் ரூ.4, ஒதுக்கீட்டில் ரூ.7 (முனைமம் ரூ.5 உட்பட), முதல் அழைப்பில் ரூ.2, இறுதி அழைப்பில் ரூ.2 செலுத்த வேண்டும். 30,000 பங்குகளுக்கு விண்ணப்பம் வந்தது. 5,000 பங்குகளுக்கான விண்ணப்பங்களை நிராகரித்துப் பணம் திருப்பித் தரப்பட்டது. மீதி 25,000 பங்குகளுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு 5க்கு 4 என்ற விகிதத்தில் ஒதுக்கீடு.

400 பங்குகள் பெற்ற 'அ', ஒதுக்கீட்டுப் பணத்தையும் இரண்டு அழைப்புகளையும் கட்டவில்லை. 300 பங்குகள் பெற்ற 'ஆ' இறுதி அழைப்பை மட்டும் கட்டவில்லை.

ஏப்ரல் 10
வங்கி க/கு ப. 1,20,000
— பங்கு விண்ணப்பக் க/கு 1,20,000
(30,000 பங்குகளுக்குத் தலா ரூ.4 பெற்றது)

ஏப்ரல் 25
பங்கு விண்ணப்பக் க/கு ப. 1,20,000
— பங்கு முதல் க/கு 80,000
— பங்கு ஒதுக்கீட்டுக் க/கு 20,000
— வங்கி க/கு 20,000
(20,000 பங்குகளின் விண்ணப்பப் பணம் முதலுக்கு மாற்றப்பட்டது; மிகை ஒதுக்கீட்டில் சரிக்கட்டப்பட்டது; நிராகரித்தவை திருப்பப்பட்டன)

ஏப்ரல் 25
பங்கு ஒதுக்கீட்டுக் க/கு ப. 1,40,000
— பங்கு முதல் க/கு 40,000
— பத்திர முனைமக் க/கு 1,00,000
(20,000 பங்குகளுக்குத் தலா ரூ.7 சேர வேண்டியது)

பணம் வராவிட்டாலும், முனைமம் சேர வேண்டிய நாளிலேயே முழுத்தொகைக்கும் வரவு வைக்கப்படும். வராத பகுதி பின்னால் நிலுவைக் கணக்கில் தெரியும்.

அடுத்த பதிவில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'அ' கட்டாதது 400 × 7 = ரூ.2,800 என்று அப்படியே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் 400 பங்குகள் கிடைக்க அவர் விண்ணப்பித்தது 400 × 5/4 = 500 பங்குகளுக்கு. மிகையான 100 பங்குகளின் பணம் ரூ.400 ஏற்கெனவே ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்ந்துவிட்டது. எனவே அவர் பாக்கி ரூ.2,400 மட்டுமே. மொத்தமாக வர வேண்டியது 1,40,000 − 20,000 = 1,20,000; அதில் 2,400 போக வந்தது ரூ.1,17,600.

மே 15
வங்கி க/கு ப. 1,17,600
அழைப்பு நிலுவைக் க/கு ப. 2,400
— பங்கு ஒதுக்கீட்டுக் க/கு 1,20,000
(ஒதுக்கீட்டுப் பணம் பெற்றது, 'அ' செலுத்தவில்லை)

ஜூலை 1
பங்கு முதல் அழைப்புக் க/கு ப. 40,000
— பங்கு முதல் க/கு 40,000
(முதல் அழைப்பு, தலா ரூ.2)

ஜூலை 20
வங்கி க/கு ப. 39,200
அழைப்பு நிலுவைக் க/கு ப. 800
— பங்கு முதல் அழைப்புக் க/கு 40,000
('அ'வின் 400 பங்குகள் நீங்கலாகப் பெற்றது)

செப்டம்பர் 1
பங்கு இறுதி அழைப்புக் க/கு ப. 40,000
— பங்கு முதல் க/கு 40,000
(இறுதி அழைப்பு, தலா ரூ.2)

செப்டம்பர் 30
வங்கி க/கு ப. 38,600
அழைப்பு நிலுவைக் க/கு ப. 1,400
— பங்கு இறுதி அழைப்புக் க/கு 40,000
('அ' ரூ.800, 'ஆ' ரூ.600 பாக்கி)

நிறுமத்தின் விதிகளில் நிலுவைக்கு ஆண்டுக்கு 10% வட்டி உண்டு. கடைசி நாளான செப்டம்பர் 30 முதல் கணக்கு. 'ஆ' மூன்று மாதம் கழித்துக் கட்டியதால் வட்டி 600 × 10% × 3/12 = ரூ.15.

டிசம்பர் 31
வங்கி க/கு ப. 615
— அழைப்பு நிலுவைக் க/கு 600
— அழைப்பு நிலுவை மீதான வட்டிக் க/கு 15
('ஆ' வட்டியுடன் செலுத்தியது)

இந்த வட்டி வருமானம். அதை முதலோடு சேர்க்கக் கூடாது. 'அ'விடமிருந்து வட்டி வருமா என்பது சந்தேகம் என்பதால், வந்தபோது பதிந்துகொள்ளலாம் என்று விடப்பட்டது.

இனி நிலுவைக் கணக்கில் 2,400 + 800 + 800 = ரூ.4,000 நிற்க வேண்டும். குறுக்குச் சோதனை: 'அ' மொத்தம் தர வேண்டியது 400 × 15 = 6,000; தந்தது 500 × 4 = 2,000; பாக்கி 4,000. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பிழை பெரும்பாலும் மே 15 பதிவில் இருக்கும்.

இருப்புநிலைக் குறிப்பில் இந்த 4,000 முழுவதையும் முதலிலிருந்து கழித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மிகைப் பணம் ரூ.400 முதலில் ஒதுக்கீட்டின் பங்கு முதல் பகுதிக்கே போகிறது. ஆகவே 'அ'வின் ஒதுக்கீட்டு நிலுவையில் ரூ.400 பங்கு முதல், ரூ.2,000 முனைமம். அழைப்புகள் ரூ.1,600 சேர்த்தால் பங்கு முதல் நிலுவை ரூ.2,000. காட்ட வேண்டியது: பங்கு முதல் 2,00,000 − 2,000 = 1,98,000; பத்திர முனைமம் 1,00,000 − 2,000 = 98,000. வட்டி 15 சேர்த்தால் 2,96,015. வங்கி இருப்பும் அதேதான்.