மாமல்லபுரத்தில் ஏழு நாள்: அக்காவுக்கு

அக்கா,

போனில் பேசினால் நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, நடுவில் பிள்ளைகள் வந்து போனைப் பிடுங்க, கடைசியில் ஒன்றும் முடிவாவதில்லை. அதனால் எழுதியே அனுப்புகிறேன். அத்தானிடமும் படிக்கக் கொடு.

அறை உறுதியாகிவிட்டது. டிசம்பர் 27 சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு உள்ளே போகலாம், ஜனவரி 3 சனிக்கிழமை காலை 10 மணிக்குக் காலி செய்ய வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை. ஒன்றில் சின்ன அடுப்படியும் ஃபிரிட்ஜும் உண்டு. அம்மாவுக்குத் தரைத்தளம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். மாமல்லபுரம் ஊருக்கு அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம்.

இப்போது உன் பட்டியலுக்கு வருகிறேன். ஞாயிறு மாமல்லபுரம், திங்கள் முதலைப் பண்ணை, செவ்வாய் காஞ்சிபுரம், புதன் வேடந்தாங்கல், வியாழன் பாண்டிச்சேரி, வெள்ளி தட்சிணசித்ரா. ஆசையாகப் போட்டிருக்கிறாய், ஆனால் கோபித்துக்கொள்ளாதே, இதில் நாலு நாள் சரியாகத் தப்பான நாளில் விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாதிச் சென்னை இறங்கியிருக்கும், அதுவும் அரையாண்டு விடுமுறை நேரம். திங்களன்று முதலைப் பண்ணைக்கு வார விடுமுறை. செவ்வாய் 30ஆம் தேதி வைகுண்ட ஏகாதசி. அன்றைக்கு வரதராஜப் பெருமாள் கோயில் வரிசையில் நாலு வயதுப் பிள்ளையோடும் முழங்கால் வலிக்கார அம்மாவோடும் நிற்பதை நினைத்துப் பார். வியாழன் ஜனவரி 1. புத்தாண்டு அன்று பாண்டிச்சேரிக்குப் போவது என்றால் போக 95 கிலோமீட்டர், வர 95 கிலோமீட்டர், நடுவில் காரை நிறுத்த இடம் தேடுவதுதான் சுற்றுலா.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள் மலைப்பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஐந்து நாள் இருந்தோமே, அப்போது நானும் உன்னைப் போலத்தான் தினமும் ஓர் இடம் போட்டிருந்தேன். காலை எட்டு மணிக்கு வேன், இருட்டிய பிறகு அறை. நீச்சல் குளத்தில் விளக்கு அணைவதைத்தான் பார்த்தோம். நாலாம் நாள் வளைவுச் சாலையில் சின்னவள் இவர் மடியிலேயே வாந்தி எடுத்தாள். ஐந்தாம் நாள் காலை பெரியவன் செருப்பைப் போட மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அவனை இழுத்து வெளியே கொண்டுவர இவர் பட்ட பாடு இருக்கிறதே! அங்கே அறைக்குக் கொடுத்த பணத்தில் பாதிக்கு நாங்கள் தூங்க மட்டும்தான் செய்தோம்.

ஆகவே இந்தத் தடவை ஏழு நாளில் மூன்றே மூன்று வெளிப்பயணம். ஒன்று போய் வந்தால் மறுநாள் கண்டிப்பாக ரிசார்ட்டிலேயே. இதில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். எந்த நாள் என்பதில் வேண்டுமானால் பேசலாம்.

சனிக்கிழமை நீங்கள் மதுரையிலிருந்து இரவு ரயிலில் வந்து தாம்பரத்தில் எங்கள் வீட்டில் இறங்குங்கள். குளித்து, இட்லி சாப்பிட்டு, பிள்ளைகள் ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு கிளம்பினால் போதும். முன்னாலேயே போய் வரவேற்பறையில் பெட்டிகளோடு உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை. போனதும் பிள்ளைகள் தண்ணீரில் குதிப்பார்கள், தடுக்காதே. குளிக்கும் உடையை மட்டும் பெட்டியின் மேலாக வை.

ஞாயிறு முழுக்க உள்ளேதான். பிள்ளைகள் குளம், மணல், ஊஞ்சல் எல்லாம் எங்கே என்று பழகிக்கொள்ளட்டும். நாம் அடுப்படியைச் சரிசெய்யலாம். கடலில் மட்டும் யாரும் இறங்கக் கூடாது, கால் நனைப்பதோடு சரி. டிசம்பர் கடல் அந்தப் பக்கம் முரட்டுத்தனமாக இருக்கும், கீழிழுப்பும் உண்டு. உன் பெரியவன் நீச்சல் வகுப்புக்குப் போகிறான் என்ற தைரியம் குளத்தோடு நிற்கட்டும்.

திங்கள் 29தான் முதல் வெளிப்பயணம், மாமல்லபுரம். காலை 6 மணிக்கே திறந்துவிடுவார்கள், நாம் ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும். கடற்கரைக் கோயில் கிழக்கு பார்த்தது, காலை வெயில் நேரே அதன் மேல் விழும். அதற்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட், பெரியவர்களுக்கு 40 ரூபாய், 15 வயதுக்குக் கீழே இலவசம். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், கடைசியாக அர்ச்சுனன் தபசு என்று வரிசை வைத்திருக்கிறேன். பிள்ளைகளிடம் பல்லவர் வரலாறு சொல்ல ஆரம்பித்தால் ஓடிவிடுவார்கள். அதற்குப் பதில் தபசுப் பாறையின் முன்னால் நிறுத்தி, "இதில் ஒரு பூனை தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள், முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஐஸ்கிரீம்" என்று சொல்லப் போகிறேன். சுமார் 27 மீட்டர் நீளப் பாறை, கால் மணி நேரமாவது ஓடும். யானைக் காலடியில் நிற்கும் குட்டிகளைச் சின்னதுகள் தாமாகவே பார்த்துவிடும். பிறகு வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுவது போல ஆளுக்கொரு படம். பத்து மணிக்குள் திரும்பினால் காலை உணவும் தப்பாது, வெயிலும் தப்பிவிடும். கலங்கரை விளக்கம், மற்ற குகைகள் எல்லாம் வேண்டாம். ஆசைப்பட்டால் நீயும் அத்தானும் சாயங்காலம் தனியாகப் போய் வாருங்கள், பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

செவ்வாய் ஓய்வு. ஏகாதசியன்று பெருமாளைப் பார்க்காமல் அம்மா இருக்க மாட்டார்கள், தெரியும். அதற்குக் காஞ்சிபுரம் போக வேண்டியதில்லை. மாமல்லபுரத்திலேயே தலசயனப் பெருமாள் இருக்கிறார், 108 திவ்ய தேசத்தில் ஒன்று, பூதத்தாழ்வார் பிறந்த ஊரும் அதுதான். நானும் அம்மாவும் விடியற்காலையில் ஆட்டோவில் போய்விட்டு வருகிறோம். அங்கேயும் கூட்டம் இருக்கும், ஆனால் வரிசை நீளமாக இருந்தால் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் அறைக்கு வந்துவிடலாம். காஞ்சியிலிருந்து அப்படி வர முடியாது. நீங்கள் தூங்குங்கள்.

புதன் 31 முதலைப் பண்ணை. வடநெம்மேலியில் இருக்கிறது, வடக்கே 14 கிலோமீட்டர் போலத்தான். காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கிய இடம். உள்ளேயே இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது. பாம்புக்கடிக்கான மருந்து செய்ய விஷம் எடுப்பார்கள். அன்றைக்கு அதைக் காட்டினால் உன் பெரியவன் அங்கிருந்து நகர மாட்டான். என் சின்னவள் பயப்படுவாள், அவளை இவர் ஆமைப் பக்கம் கூட்டிப்போவார். நல்ல வேளையாகத் தட்சிணசித்ராவும் புதன்கிழமை திறந்திருக்கும், அதற்குச் செவ்வாய்தான் விடுமுறை. அதே பாதையில் இன்னும் கொஞ்சம் வடக்கே முட்டுக்காட்டில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று நானும் யோசித்தேன். வேண்டாம். பழைய வீடுகளைச் சுற்றி நடப்பது நமக்குப் பிடிக்கும், மதிய வெயிலில் நாலு வயதுக்குப் பிடிக்காது. அதைவிட, 31ஆம் தேதி மாலை ஆக ஆக அந்தச் சாலையில் வண்டிகளும் போலீஸ் சோதனையும் கூடிவிடும். இரண்டு மணிக்கு மேல் நாம் ரோட்டில் இருக்கக் கூடாது.

அன்று இரவு ரிசார்ட்டில் பாட்டும் சாப்பாடுமாக ஏதோ வைத்திருக்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குகிறார்கள், தொகையைக் கேட்டால் உனக்கு ஏகாதசி விரதம் மறுநாளும் தொடரும். போனால் போகலாம், போகாவிட்டாலும் சத்தம் அறைக்கு வரும். எப்படியும் பிள்ளைகள் நள்ளிரவுக்கு முன் தூங்கப்போவதில்லை. அதனால்தான் வியாழனை அப்படியே காலியாக விட்டிருக்கிறேன். பத்து மணிக்கு எழுந்து, பதினொன்றுக்கு உப்புமா. சாயங்காலம் கடற்கரையில் நிலா. 3ஆம் தேதி பௌர்ணமி என்பதால் வளர்ந்த நிலாவாக இருக்கும். சீட்டுக்கட்டும் பல்லாங்குழியும் கொண்டு வா, அம்மா எல்லாரையும் தோற்கடிக்கட்டும்.

வெள்ளி 2, வேடந்தாங்கல். இது ஒன்றுதான் கொஞ்சம் தூரம், ஏறக்குறைய 55 கிலோமீட்டர். திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகப் போக வேண்டும். மலையை வேனிலிருந்து பார்த்துக் கும்பிட்டுக்கொள், அம்மா முழங்காலோடு 500க்கு மேற்பட்ட படியைப் பற்றிப் பேச்சே எடுக்காதே. காலையில் போகப் போவதில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்குக் கிளம்பினால் சின்னதுகள் வண்டியிலேயே தூங்கிவிடும், நாலு மணிக்கு மேல் இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரத்துக்கு நாம் ஏரிக்கரையில் இருப்போம். ஜனவரி அதற்கு நல்ல மாதம். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன் எல்லாம் மரத்தில் பூத்த மாதிரி இருக்கும். அத்தானின் பைனாகுலரை மறக்காதே.

காஞ்சிபுரம் விட்டுப்போகிறதே என்று உனக்கு வருத்தம் இருக்கும். புடவைதான் காரணம், கோயில் இல்லை, எனக்குத் தெரியாதா! கோயில்களையும் மதியம் நடை சாத்திவிடுவார்கள். நாலு பிள்ளைகளைப் புடவைக் கடையில் மூன்று மணி நேரம் உட்கார வைக்க நான் தயாரில்லை. பங்குனியில் நீ கல்யாணத்துக்கு வரும்போது நாம் இரண்டு பேர் மட்டும் போகலாம். கைலாசநாதரையும் அப்போது பார்க்கலாம். கடற்கரைக் கோயிலைக் கட்டிய அதே ராஜசிம்மன் கட்டியது, பிள்ளைகளுக்கு இப்போதைக்கு ஒன்று போதும்.

மழை வந்தால்? டிசம்பர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை மிச்சம் வைத்திருக்கும், சொல்ல முடியாது. திங்கள் மழையென்றால் ஈரப் பாறையில் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன், மாமல்லபுரத்தை வியாழனுக்குத் தள்ளாமல் வெள்ளிக் காலைக்கு மாற்றுவேன். புத்தாண்டுக் கூட்டம் அதற்குள் கொஞ்சம் வடிந்திருக்கும். அப்படியானால் வேடந்தாங்கல் போகிறது. புதன் மழையென்றால் முதலைப் பண்ணை வெள்ளிக் காலையில், வேடந்தாங்கலுக்கு அப்போதும் டாட்டா. எது போனாலும் சனிக்கிழமை காலையில் எதையும் திணிக்காதே. அன்றைக்குப் பெட்டி கட்டுவதற்கே பத்து மணி ஆகிவிடும், உங்களை நேரே செங்கல்பட்டு ஸ்டேஷனில் கொண்டுவந்து விடுகிறேன்.

எங்கள் காரில் ஒன்பது பேர் அடங்க முடியாது. புதனுக்கும் வெள்ளிக்கும் மட்டும் வேன் சொல்ல வேண்டும், திங்களுக்குக் காரும் ஓர் ஆட்டோவும் போதும். விடுமுறை வாரம் என்பதால் வேன்காரர் முன்பணம் கேட்கிறார். இந்த ஞாயிற்றுக்குள் சரி என்று ஒரு வார்த்தை அனுப்பு. மதுரையிலிருந்து வரும்போது அரை கிலோ இட்லிப் பொடி, அந்தச் சின்ன குக்கர், அம்மாவின் முழங்கால் தைலம். தைலம் இரண்டு பாட்டில்.

உன் தங்கை