உயிர்மச்சான்று புதுப்பித்தலுக்குக் கால நீட்டிப்பு வேண்டி விண்ணப்பம்

அனுப்புநர்
ரா. சென்னியப்பன்,
கூகலூர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்,
ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
விதைச்சான்று மற்றும் உயிர்மச்சான்று துறை,
தடாகம் சாலை,
கோயம்புத்தூர் – 641013.

நாள்: 13.10.2025

பொருள்: உயிர்மச்சான்று – ஆண்டுப் புதுப்பித்தல் – 31.10.2025 அன்று முடியும் காலக்கெடுவை, நீண்டகால நோயின் காரணமாக 31.12.2025 வரை நீட்டித்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். மேற்கண்ட முகவரியில் வசிக்கும் நான், எனக்குச் சொந்தமான 3 ஏக்கர் 20 சென்ட் நிலத்தில் மஞ்சளும், வரப்போரமாகத் தென்னையும் பயிர் செய்து வருகிறேன். தேசிய உயிர்ம உற்பத்தித் திட்டத்தின் விதிமுறைகளின்படி தங்கள் துறையில் 2018-ஆம் ஆண்டு தனிநபர் விவசாயியாகப் பதிவு செய்து, மாறுதல் காலத்தை முழுமையாகக் கடந்து முழுச் சான்று பெற்றேன். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ஆய்வுக்கு உட்பட்டு, இடைவெளியின்றிப் புதுப்பித்து வந்துள்ளேன். நடப்புச் சான்று இம்மாதம் 31-ஆம் தேதியுடன் முடிகிறது. அதற்குள் புதுப்பித்தல் விண்ணப்பத்தை உரிய ஆவணங்களுடன் அளித்து, ஆய்வுக்கு நேரில் ஆயத்தமாக இருக்கும் உடல்நிலையில் நான் இல்லை என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கடந்த பிப்ரவரி மாதம், மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, என் இரு பாதங்களிலும் மதமதப்பு ஏற்பட்டது. வேலைக் களைப்பு என்றுதான் எல்லோரும் எண்ணினோம். சில நாட்களுக்குள் எழுந்து நிற்க முடியாமல் கால்கள் செயலிழந்து, அது கைகளுக்கும் பரவி, மூச்சு விடுவதே கடினமானபோது கோவையில் உள்ள மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன். உடலின் நோய் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் கில்லன்–பாரே நோய் என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர். தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியின் உதவியுடன் உயிர் காக்கப்பட்டு, இம்யூனோகுளோபுலின் சிகிச்சையும் அதன்பின் தொடர் இயன்முறைப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. பழுதுற்ற நரம்புகள் மீண்டும் வேலை செய்யப் பல மாதங்கள் ஆகும் என்று மருத்துவர்கள் முன்பே கூறியிருந்தனர்; அவ்வாறே ஆகஸ்டு மாதம் வரை படுக்கையிலும் சக்கர நாற்காலியிலுமாகவே இருந்தேன். தற்போது நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறேன். வரப்பில் நடக்க இன்னும் இயலவில்லை. விரல்களில் பிடிமானம் முழுமையாகத் திரும்பாததால் இக்கடிதத்தையும் நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். கையொப்பம் மட்டும் என்னுடையது. டிசம்பர் மாத நடுவில் துணையுடன் வயலுக்குச் சென்று வர முடியும் என்று சிகிச்சையளிக்கும் மருத்துவர் சான்றளித்துள்ளார்.

நான் நோயில் கிடந்த காலத்தில் நிலம் எவ்வாறு பராமரிக்கப்பட்டது என்பதே தங்கள் துறை முதலில் அறிய விரும்பும் செய்தியாக இருக்கும் என்பதை உணர்கிறேன். நடப்புப் பயிரை என் மனைவி சரசுவதி வைகாசி இறுதியில் நட்டார். சென்ற அறுவடையில் எங்கள் வயலிலேயே எடுத்து வைத்த விதை மஞ்சளையே சூடோமோனாஸ் கரைசலில் நனைத்து நட்டதுடன், அடியுரமாகத் தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் மட்டுமே இட்டார். பண்ணைப் பதிவேடு பிப்ரவரி வரை என் கையெழுத்திலும், அதன்பின் அவர் கையெழுத்திலும் உள்ளது. கையெழுத்து மாறியிருப்பதை ஆய்வு அலுவலர் இக்காரணத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டுகிறேன்.

அப்பதிவேட்டில் ஆவணி மாதப் பக்கங்களைத் தாங்கள் குறிப்பாகப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். தொடர் மழையால் வயலின் தாழ்வான தென்மேற்கு மூலையில் கிழங்கழுகல் நோய் கண்டது. இரசாயனப் பூசணக்கொல்லியை ஊற்றினால் ஒரே வாரத்தில் நின்றுவிடும் என்று வேலைக்கு வந்தவர்கள் உட்படப் பலரும் வற்புறுத்தினர். என் மனைவி அதற்கு இசையவில்லை. அழுகிய தூர்களைத் தோண்டி அப்புறப்படுத்தி, நீர் வடிய வாய் வெட்டிவிட்டு, சுற்றியிருந்த பாத்திகளுக்கு வேப்பம்புண்ணாக்குடன் கலந்த டிரைக்கோடெர்மாவை இட்டார். அந்த மூலையில் இன்றும் பயிரில்லாத வெற்றுப் பாத்திகள் உள்ளன. எத்தனை தூர்கள் அகற்றப்பட்டன என்பதும் அன்றைய தேதியிலேயே குறிக்கப்பட்டுள்ளது. நான் மருத்துவச் செலவில் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு நிலத்தைக் காத்தவர் அவர். அந்த உழைப்பு ஒரு தேதியின் காரணமாகப் பயனற்றுப் போய்விடக் கூடாதே என்பதுதான் என் கவலையெல்லாம்.

கிழக்கு எல்லையில் அடுத்தவர் நெல் வயலிலிருந்து மருந்துத் தெளிப்பு காற்றில் வராமல் தடுக்க நட்டிருந்த சவுண்டல் வரிசையும், அவ்வயலின் நீர் எங்கள் வயலுக்குள் புகாமல் இருக்க வெட்டிய வடிகாலும் சென்ற ஆய்வில் இருந்தவாறே உள்ளன. சென்ற அறுவடை மஞ்சளைப் பொறுத்தவரை, பரிமாற்றச் சான்றுக்கு விண்ணப்பிக்கும் நிலையில் அப்போது யாரும் இல்லாததால், விதைக்கு எடுத்தது போக மீதி முழுவதும் சாதாரண மஞ்சளாகவே ஈரோட்டுச் சந்தையில் விற்கப்பட்டது. உயிர்ம விளைபொருள் என்ற பெயரில் ஒரு மூட்டைகூட விற்கப்படவில்லை. விற்பனைச் சீட்டுகள் உள்ளன.

காலக்கெடு கடந்து சான்றின் தொடர்ச்சி அறுபடுமானால், நிலத்தை மீண்டும் மாறுதல் காலத்திலிருந்து தொடங்க நேரிடுமோ என்று அஞ்சுகிறேன். ஓராண்டுப் பயிருக்கு 2 ஆண்டுகளும் தென்னைக்கு 3 ஆண்டுகளும் என்பது, இப்போதைய என் உடல்நிலையிலும் பொருள்நிலையிலும் தாங்க முடியாத சுமையாகும். எனவே விண்ணப்பம் அளிக்கவும் ஆய்வை முடிக்கவும் 31.12.2025 வரை கால நீட்டிப்பு வழங்கி, அதுவரை என் பதிவைத் தொடர்ச்சியுள்ளதாகக் கருத ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

நான் கேட்பது கால அவகாசம் மட்டுமே. ஆய்வில் எவ்விதத் தளர்வும் கோரவில்லை. மஞ்சள் தை பிறந்த பின்னரே வெட்டப்படும் என்பதால், நவம்பரிலோ டிசம்பரிலோ ஆய்வு அலுவலர் எந்நாளில் வந்தாலும் பயிரை வயலில் நின்ற நிலையிலேயே பார்வையிடலாம். முன்னறிவிப்பின்றி வந்தாலும் பதிவேடுகளைக் காட்ட என் மனைவி ஆயத்தமாக இருக்கிறார். மண், இலை, கிழங்கு ஆகியவற்றின் மாதிரிகளை எடுத்து நச்சு எச்சப் பரிசோதனைக்கு அனுப்புவதானால் அதற்கான கட்டணத்தையும், விதிப்படி காலதாமதக் கட்டணம் இருப்பின் அதனையும் செலுத்தச் சம்மதிக்கிறேன். புதுப்பித்த சான்று கைக்கு வரும் வரை எந்த விளைபொருளையும் உயிர்மச் சான்று பெற்றதாகக் கூறி விற்க மாட்டேன் என்றும் உறுதியளிக்கிறேன்.

முழு அவகாசமும் அளிக்க விதிகளில் இடமில்லையெனில், என் சார்பில் என் மனைவி விண்ணப்பத்தில் கையொப்பமிடவும் ஆய்வின்போது விளக்கம் அளிக்கவும் அனுமதித்தால், அதற்கான அதிகாரக் கடிதத்தை உடனே அனுப்புகிறேன். இரண்டில் எது இயலும் என்பதை இம்மாத இறுதிக்குள் தெரிவித்தால், அதற்கேற்ப ஆவணங்களை ஆயத்தம் செய்யப் பேருதவியாக இருக்கும்.

மருத்துவமனையிலிருந்து விடுவித்த அறிக்கை, மருத்துவரின் சான்று, நடப்பு உயிர்மச்சான்று, பிப்ரவரி முதல் செப்டம்பர் வரையிலான பண்ணைப் பதிவேட்டுப் பக்கங்கள், இடுபொருள் வாங்கிய இரசீதுகள், மஞ்சள் விற்பனைச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரா. சென்னியப்பன்

நகல்: விதைச்சான்று உதவி இயக்குநர் அவர்கள், ஈரோடு.